விசா தாமதமானால் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் மின்னஞ்சல்: வடசென்னை மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

வகுப்பு இந்தத் திங்கட்கிழமை தொடங்குகிறது, விசா இன்னும் வரவில்லை. இன்றே எழுதட்டுமா, விசா கையில் வந்த பிறகு எழுதட்டுமா?

இன்றே எழுதுங்கள். தண்டையார்பேட்டை, இராயபுரம், பெரம்பூர் பக்கத்திலிருந்து எங்களிடம் வருபவர்களில் பலரும் பிரிட்டனுக்கு முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர்கள் என்பதால், இந்தப் பக்கம் முழுவதையும் பிரிட்டனின் மாணவர் விசாவை வைத்தே எழுதியிருக்கிறோம். அங்கே பல்கலைக்கழகம் படிப்பு சொல்லித்தருவதோடு நிற்பதில்லை. விசாவுக்கு உங்கள் ஸ்பான்சரும் அதுவே. நீங்கள் குறித்த காலத்துக்குள் வந்து பதிவு செய்யாவிட்டால், பதிவுக் காலம் முடிந்த 10 வேலை நாள்களுக்குள் அதை விசா துறைக்கு அறிவிக்க வேண்டிய கடமை அதற்கு உண்டு. ஆகவே அலுவலகத்துக்கு நீங்கள் ஏன் வரவில்லை என்பதைவிட, வருவீர்களா, எந்தத் தேதியில் வருவீர்கள் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். வகுப்பு தொடங்கும் முன்பே வந்த கடிதத்தை அவர்கள் அனுமதி கேட்கும் விண்ணப்பமாக எடுத்துக்கொள்வார்கள். கடைசித் தேதி கடந்து வந்தால், அதே கடிதத்தை விளக்கமாக மட்டுமே படிக்க முடியும். அப்போது அவர்களால் செய்யக்கூடியதும் குறைந்துவிடும்.

விசா துறையின் வழக்கமான காலக்கெடு, பயோமெட்ரிக் கொடுத்த நாளிலிருந்து 3 வாரம். அந்த 3 வாரம் வகுப்பின் முதல் நாளைத் தொடுகிறது அல்லது தாண்டுகிறது என்று நாள்காட்டியில் தெரிந்த அன்றே எழுதுவது சரியான நேரம்.

விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த சேர்க்கை உறுதிச் சான்றான காஸில் படிப்பு தொடங்கும் தேதி ஒன்றும், வேறொரு தேதியும் இருக்கின்றன. எதற்குள் போக வேண்டும்?

இரண்டாவது தேதிக்குள். படிப்பு தொடங்கும் நாளில் வகுப்புகள் ஆரம்பிக்கின்றன. பதிவு செய்வதற்கான கடைசி நாள் பெரும்பாலும் அதற்கு ஓரிரு வாரம் பின்னால் இருக்கும். சில துறைகளில் இரண்டுக்கும் இடைவெளியே இருக்காது. காஸில் அது இல்லையென்றால், இடம் கிடைத்ததை உறுதிசெய்து அனுப்பிய கடிதத்திலோ, மாணவர் கணக்கில் நுழைந்தால் வரும் பதிவுப் பக்கத்திலோ இருக்கும். மின்னஞ்சல் எழுத உட்காரும் முன் இந்த ஒரு தேதியைக் கண்டுபிடித்துவிட வேண்டும், ஏனெனில் கடிதம் முழுவதும் அதைச் சுற்றித்தான் நிற்கப்போகிறது.

அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பதிவு நேரில்தான் நடக்கும், வேலை நாளில்தான் நடக்கும். அதற்கு முந்தைய நாளாவது நீங்கள் அந்த ஊரில் இருக்க வேண்டும். அதற்கு முன் பயணம், அதற்கு முன் டிக்கெட், அதற்கு முன் விசா மையத்தில் கொடுத்த கடவுச்சீட்டைத் திரும்பப் பெறுதல். இப்படிப் பின்னால் நடந்து போய் நிற்கும் நாள்தான், விசா முடிவு வந்தே தீர வேண்டிய நாள். அந்த நாளுக்குள் முடிவு வருவது ஐயம் என்றால், நீங்கள் கேட்க வேண்டியது கடைசித் தேதிக்கு நீட்டிப்பு.

மன்னிப்புக் கேட்டு, வீட்டுச் சூழ்நிலையை விளக்கி உருக்கமாக எழுதினால் உதவுவார்களா?

உங்கள் மின்னஞ்சல் ஒருவரிடம் மட்டும் தங்குவதில்லை. பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் படிப்பவர் அதைப் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கு அனுப்புவார். இத்தனை வகுப்புகளை இழந்தபின் இந்த மாணவரால் பாடத்தைப் பிடித்துவிட முடியுமா என்று துறையின் படிப்பு இயக்குநர் முடிவு செய்ய வேண்டும். ஸ்பான்சர் விதிகளுக்குள் தேதியை நகர்த்த இடமிருக்கிறதா என்று விசா இணக்கப் பிரிவு பார்க்க வேண்டும். இந்த மூவரில் எவருக்கும் உங்கள் கண்ணீரால் பயனில்லை. மூவருக்கும் தேதிகள் வேண்டும். உங்களால் விளையாத தாமதத்துக்கு நான்கு முறை மன்னிப்புக் கேட்டால், படிப்பவருக்கு ஏதோ மறைக்கப்படுகிறதோ என்ற எண்ணம்தான் எழும். "ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

தாமதத்தில் உங்கள் பங்கும் இருந்தால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவதே நல்லது. காஸ் என்று வழங்கப்பட்டது என்பது அவர்களுடைய கணினியிலேயே இருக்கிறது. நீங்கள் மூன்று வாரம் கழித்துத்தான் விண்ணப்பித்தீர்கள் என்பதை அவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்; அதற்கு முன் நீங்களே காரணத்தோடு சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி எழாது.

ஒரு மாதிரி கிடைக்குமா? எந்த வரியை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இது பலருடைய நிலையைச் சேர்த்து நாங்கள் அமைத்த எடுத்துக்காட்டு. அவருடைய தந்தை துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். படிப்புக்கான பணம் அவருக்கு வந்த பணிக்கொடை. அது 2025 ஜூலை 28 அன்று வங்கிக் கணக்கில் ஏறியது. காஸ் ஆகஸ்ட் 4 அன்றே வந்துவிட்டது. ஆனால் விசா விதிப்படி அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்பதால், ஆகஸ்ட் 24 கழிந்த பிறகே அவரால் விண்ணப்பிக்க முடிந்தது. ஆகஸ்ட் 28 அன்று இணையத்தில் விண்ணப்பித்து, செப்டம்பர் 1 அன்று பயோமெட்ரிக் கொடுத்தார். வகுப்புத் தொடக்கம் செப்டம்பர் 22. பதிவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 6, திங்கட்கிழமை. செப்டம்பர் 17 அன்று, வழக்கமான காலத்துக்குள் முடிவு சொல்ல இயலாது என்று விசா துறையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது, காரணம் சொல்லப்படவில்லை.

பின்னோக்கிக் கணக்கிட்டால் சென்னையின் நாள்காட்டி குறுக்கே நிற்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் 1 ஆயுத பூஜை, அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி. இரண்டு நாளும் வங்கி இல்லை, கடவுச்சீட்டைத் திரும்பப் பெறுவதையும் அந்த நாள்களில் நம்பியிருக்க முடியாது. ஆகவே முடிவு செப்டம்பர் 29 அன்று வந்து, 30 அன்று கடவுச்சீட்டு கிடைத்தால்தான், வெள்ளிக்கிழமை அக்டோபர் 3 அன்று புறப்பட்டு, வார இறுதியில் ஊர் சேர்ந்து, கடைசி நாளான திங்களன்று பதிவு செய்ய முடியும். ஒரே ஒரு நாள் தவறினாலும் எல்லாம் தவறிவிடும். இந்தக் கணக்கு கையில் இருக்கும்போது கடிதம் தானாக எழுதிக்கொள்ளும். அனுப்புவது ஆங்கிலத்தில்தான், ஒவ்வொரு வாக்கியமும் என்ன செய்கிறது என்று தெரிவதற்காகத் தமிழில் தருகிறோம்.

> பொருள்: தாமத வருகைக்கு அனுமதி கோரல், விசா முடிவு நிலுவை, மாணவர் எண், படிப்பின் பெயர்
>
> மதிப்பிற்குரிய பன்னாட்டு மாணவர் அலுவலகத்தாருக்கு,
>
> செப்டம்பர் 22 அன்று தொடங்கும் மேற்கண்ட முதுநிலைப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்துள்ளது. என் மாணவர் விசா முடிவு இன்னும் வராததால் தொடக்க நாளில் என்னால் வர இயலாது. தாமதமாகப் பதிவு செய்ய அனுமதி கோரி எழுதுகிறேன்.
>
> காஸ் ஆகஸ்ட் 4 அன்று கிடைத்தது. நிதிச் சான்றுக்கான 28 நாள் ஆகஸ்ட் 24 அன்று நிறைவடைந்ததால், ஆகஸ்ட் 28 அன்று விண்ணப்பித்து, செப்டம்பர் 1 அன்று சென்னை மையத்தில் பயோமெட்ரிக் அளித்தேன். வழக்கமான காலத்துக்குள் முடிவு செய்ய இயலாது என்று செப்டம்பர் 17 அன்று விசா துறை தெரிவித்துள்ளது, காரணம் குறிப்பிடப்படவில்லை. அந்த மின்னஞ்சலையும் பயோமெட்ரிக் சந்திப்பு உறுதிச் சீட்டையும் இணைத்துள்ளேன். என் காஸ் எண்ணும் விசா விண்ணப்ப எண்ணும் கீழே உள்ளன.
>
> முடிவு செப்டம்பர் 29க்குள் வந்தால் அக்டோபர் 6 அன்று நேரில் பதிவு செய்ய இயலும். அதற்குப் பின் வந்தால், இங்கே அக்டோபர் 1, 2 ஆகிய நாள்கள் பொது விடுமுறை என்பதால், அந்தத் தேதிக்குள் வர இயலாது.
>
> ஆகவே மூன்று செய்திகளைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்டோபர் 6 அன்று பதிவு செய்ய எழுத்து மூலமான அனுமதி கிடைக்குமா? கடைசித் தேதியை அதற்கு மேல் நீட்டிக்க இடமுண்டா, உண்டென்றால் எந்த நாள் வரை? நீட்டிக்க இயலாதென்றால், சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க நான் எந்த நாளுக்குள் கேட்க வேண்டும்? என் விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால், காஸைத் திரும்பப் பெறும் முன் எனக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> முதல் வாரங்களின் பாடப் பட்டியலும் விரிவுரைப் பதிவுகளும் கிடைத்தால் இங்கிருந்தே படித்து வருவேன். விசா முடிவு வந்த அன்றே தெரிவிக்கிறேன். ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன்.

கடிதத்தின் உயிர் நான்காம் பத்தியில் இருக்கிறது. "கூடிய விரைவில் வருகிறேன்" என்று எழுதுகிறவர்களுக்கு வரும் பதிலும் "விசா வந்ததும் தெரிவியுங்கள்" என்பதாகத்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. தேதி போட்டுக் கேட்ட கேள்விக்குத் தேதி போட்டுத்தான் பதில் சொல்லியாக வேண்டும். விரிவுரைப் பதிவுகளைக் கேட்கும் வரி துறை இயக்குநருக்காக எழுதப்பட்டது. ஆனால் வீட்டிலிருந்து அவற்றைப் பார்ப்பது பதிவு செய்ததாகாது என்பதை நினைவில் வையுங்கள்.

எதையெல்லாம் இணைக்க வேண்டும்? வங்கி அறிக்கை, காசநோய்ச் சான்று எல்லாம் ஒரே பைலாக வைத்திருக்கிறேன்.

அந்தப் பைலை அப்படியே வைத்திருங்கள். அலுவலகத்துக்கு வேண்டியது இரண்டே தாள்: பயோமெட்ரிக் கொடுத்த நாளைக் காட்டும் உறுதிச் சீட்டு, தாமதம் என்று விசா துறை அனுப்பிய மின்னஞ்சல். அப்படி மின்னஞ்சல் எதுவும் வரவில்லையென்றால் முதலாவது மட்டும் போதும். கடிதத்தின் அடியில் காஸ் எண்ணையும், GWF என்று தொடங்கும் விசா விண்ணப்ப எண்ணையும் எழுத்துப் பிழையில்லாமல் தாருங்கள். வங்கி அறிக்கையையும் அப்பாவின் ஓய்வூதியத் தாளையும் அவர்கள் கேட்காமல் அனுப்புவதில் பயனில்லை; உங்கள் வீட்டுக் கணக்கு வழக்கு தேவையில்லாத கைகளுக்குப் போவதுதான் மிச்சம்.

ஜனவரி சேர்க்கைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது விமான நிலைய ஓடுபாதையே மூடப்பட்டதுபோல, நம் பகுதியில் மழையும் உண்மையான காரணமாக வரக்கூடும். ஆனால் விசா வராத நிலையில் மழையையும் சேர்த்து எழுதாதீர்கள். இரண்டு காரணம் சொன்னால் இரண்டுக்கும் சான்று கேட்பார்கள்.

கன்சல்டன்சியிலிருந்து அவர்களே எழுதித் தருவதாகச் சொல்கிறார்கள். அல்லது என் அப்பா எழுதலாமா?

எழுத உதவலாம், அனுப்புவது நீங்களாகவே இருக்க வேண்டும், அதுவும் விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து. உங்கள் ஒப்புதல் இல்லாமல் உங்கள் சேர்க்கை பற்றி இன்னொருவரிடம் பேச அங்குள்ள தகவல் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. அது தந்தையாக இருந்தாலும் பொருந்தும். பெற்றோர் இதில் வருந்த வேண்டியதில்லை; அங்கே 18 வயது நிரம்பியவரை அப்படித்தான் நடத்துகிறார்கள். கன்சல்டன்சி ஏற்கெனவே உங்கள் பெயரில் ஏதாவது அனுப்பியிருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் ஒரு தேதியும் நீங்கள் ஒரு தேதியும் சொன்னால் அலுவலகம் இரண்டையும் நம்பாது.

அனுப்பிவிட்டேன், பதிலே இல்லை. தினமும் ஒன்று அனுப்பலாமா?

வேண்டாம். செப்டம்பரில் அந்த அலுவலகங்களில் கடிதம் மலைபோல் குவிந்திருக்கும். பல இடங்களில் ஒவ்வொரு புதிய மின்னஞ்சலும் புதிய எண்ணோடு வரிசையின் கடைசியில் போய் நிற்கும். மூன்று வேலை நாள் கழித்து, முதல் கடிதத்துக்குப் பதிலாகவே, அதே பொருள் வரியோடு, "பதிவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 6, அதற்குள் முடிவு தேவைப்படுகிறது" என்று இரண்டு வரி எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தொலைபேசியில் அழையுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். நம் பகல் ஒன்றரை மணிக்குத்தான் அங்கே காலை ஒன்பது. பேசி முடித்ததும், பேசியவர் சொன்னதை நீங்களே சுருக்கி ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிட வேண்டும், ஏனெனில் வாய்மொழி அனுமதியை விமான நிலையத்தில் காட்ட முடியாது.

"இனி முடியாது, ஜனவரிக்குத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. சரி என்று சொல்லிவிடலாமா?

சொல்லும் முன் விசா விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். அவசரமாகச் "சரி" என்று அனுப்பி மாட்டிக்கொள்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் தள்ளிவைப்புக்கு ஒப்புக்கொண்டால் பல்கலைக்கழகம் இப்போதைய காஸைத் திரும்பப் பெறும். காஸ் இல்லாத விண்ணப்பம் விசா துறையில் நிலுவையில் இருந்தால் அதன் முடிவு மறுப்புதான். அந்த மறுப்பைப் பிற்காலத்தில் ஒவ்வொரு விசா விண்ணப்பத்திலும் நீங்கள் குறிப்பிட வேண்டியிருக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். காஸைத் திரும்பப் பெறுவதைச் சில நாள் நிறுத்திவைக்குமாறு முதலில் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அடுத்து, விசா விண்ணப்பத்தை நீங்களாகவே இணையத்தில் விலக்கிக்கொள்ளுங்கள். இதை முடிவு வருவதற்கு முன் மட்டுமே செய்ய முடியும். விலக்கம் உறுதியானதும் தள்ளிவைப்புக்கு ஒப்புதல் அனுப்புங்கள். பயோமெட்ரிக் கொடுத்துவிட்டதால் விசா கட்டணம் திரும்ப வராது. மருத்துவத்துக்காகக் கட்டிய கூடுதல் கட்டணம் திரும்ப வரும்.

ஜனவரிக்குப் புதிய காஸ், புதிய விண்ணப்பம், புதிய கட்டணம். பழைய வங்கி அறிக்கை செல்லாது: 28 நாள் கணக்கின் கடைசி நாளுக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையே 31 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. காசநோய்ச் சான்று 6 மாதம் செல்லும். ஜூன், ஜூலையில் எடுத்தவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்விக் கடன் வாங்கியவர்கள் புதிய சேர்க்கைக் கடிதத்தை வங்கிக் கிளையில் கொடுத்தாக வேண்டும்.

இதற்கிடையே விசா கிடைத்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு ஜனவரியில் போகலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. முடியாது. நீங்கள் பதிவு செய்யவில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்ததும் அந்த விசா ரத்தாகும்.

விசா வந்துவிட்டது, அனுமதிக் கடிதம் மட்டும் வரவில்லை. டிக்கெட் விலை ஏறுகிறது. புறப்பட்டுவிடட்டுமா?

பதிவுக்கான கடைசி நாளுக்குள் போய்ச் சேர்வீர்கள் என்றால் புறப்படலாம். புறப்படும் தேதியையும் சேரும் நேரத்தையும் அலுவலகத்துக்கு எழுதிவிட்டுப் போங்கள். கடைசி நாள் தாண்டும் என்றால், எழுத்தில் அனுமதி வராமல் டிக்கெட் எடுக்காதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அங்கே தானியங்கி வாயில் வழியாகப் போக முடியாது. அதிகாரியைப் பார்த்துத்தான் செல்ல வேண்டும். வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆன பிறகு ஏன் வருகிறீர்கள் என்று அவர் கேட்பது இயல்பு. அப்போது காட்ட வேண்டிய கடிதம் அச்சிட்டுக் கைப்பையில் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் இருக்கக் கூடாது.

2025 ஜூலை 15க்குப் பிறகு விண்ணப்பித்த பெரும்பாலான மாணவர்களுக்குக் கடவுச்சீட்டில் ஒட்டுவில்லை வருவதில்லை. விசா மின்னணு வடிவில் மட்டுமே இருக்கிறது. புறப்படும் முன் விசா துறையின் இணையக் கணக்கில் நுழைந்து, உங்கள் கடவுச்சீட்டு எண் அதனோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிவு நாளன்று பல்கலைக்கழகம் கேட்கும் பகிர்வுக் குறியீடும் அந்தக் கணக்கிலிருந்துதான் கிடைக்கும்.

விடுதி அறைக்கு இந்த மின்னஞ்சலே போதுமா?

போதாது. விடுதிப் பிரிவு வேறு, சில சமயம் அது தனியார் நிறுவனம். ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்து, நீங்கள் போனாலும் போகாவிட்டாலும், வாடகை ஓடும். புதிய வருகைத் தேதியையும், இரவில் வந்தால் சாவியை யாரிடம் பெறுவது என்ற கேள்வியையும் அவர்களுக்குத் தனியாக எழுதுங்கள். விசா மறுக்கப்பட்டாலோ சேர்க்கை தள்ளிப்போனாலோ ஒப்பந்தத்தை விடுவிக்கும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது கோரும் அறிவிப்புக் காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.